ஸ்கேன் நகல்: எதை வைப்பது, எதை அழிப்பது? நெட் சென்டர் ஊழியர்களுக்கு எழுத வேண்டிய கடிதம்

சிதம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அண்ணாமலை நகர். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தை நம்பியே வளர்ந்த ஊர். ஜெராக்ஸ், பிரவுசிங், புராஜெக்ட் பைண்டிங் மூன்றையும் ஒரே இடத்தில் நடத்தும் கடைகளுக்கு இங்கே குறைவில்லை. தேர்வாணைய அறிவிப்பு வந்தாலும், உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்கினாலும், மாணவர்கள் சான்றிதழ்க் கட்டோடு இந்தக் கடைகளில்தான் வந்து நிற்கிறார்கள். வேலை முடிந்ததும் அசலை எண்ணிப் பார்த்து வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள். கடைக் கணினியில் தங்கிவிட்ட நகலைப் பற்றி அவர்களும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

அந்த நகல் சாதாரணப் பொருள் அல்ல. ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், புகைப்படம், கையெழுத்து என்று ஓர் ஆளின் மொத்த அடையாளமும் ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது. விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் இதே கட்டுதான் இன்னொருவர் பெயரில் சிம் வாங்கவும் கடன் வாங்கவும் முயல்பவருக்கும் தேவைப்படுகிறது.

இப்படி ஒரு கடையின் உரிமையாளர் தம்மிடம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? "வாடிக்கையாளர் ஆவணங்களைப் பத்திரமாக வைக்கவும்" என்ற ஒரு வரி போதாது. பத்திரமாக வைப்பதா, அழிப்பதா என்பதே ஊழியருக்குத் தெரியாத நிலையில், அவர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார். குழப்பத்துக்குக் காரணம் அவர் மட்டுமல்ல. கடைக்குள் வரும் ஆவணங்கள் இரண்டு வகை. இரண்டுக்கும் விதி நேரெதிர்.

முதல் வகை, கணினியில் உட்கார்ந்து பிரவுசிங் செய்பவரின் அடையாள அட்டை. 2011 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே வழிகாட்டு விதிகள், இதை வாங்காமல் யாரையும் கணினியில் உட்காரவிடக் கூடாது என்கின்றன. அட்டையின் ஜெராக்ஸையோ ஸ்கேன் நகலையோ வாடிக்கையாளரும் கடைப் பிரதிநிதியும் ஒப்பிட்டு உறுதிசெய்து, குறைந்தது ஓராண்டு பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். பெயர், முகவரி, தொடர்பு எண், எந்தக் கணினி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் ஆகியவை கொண்ட பதிவேடும் ஓராண்டு இருக்க வேண்டும். அதன் மாதாந்திர அறிக்கையை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் உரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் விதி.

இதில் அண்ணாமலை நகர் கடைகளுக்குப் பயன்படும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கத்தக்க அடையாள ஆவணங்களில் பள்ளி, கல்லூரி வழங்கும் அடையாள அட்டையும் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் பிரவுசிங்குக்கு வந்தால் கல்லூரி அட்டையே போதும். ஆதாரைக் கேட்டு வாங்கி நகலெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓராண்டு பூட்டி வைத்தே ஆக வேண்டிய அலமாரியில், களவு போனால் அதிகம் சேதம் விளைவிக்கும் ஆவணத்தை எதற்குச் சேர்க்க வேண்டும்?

இரண்டாம் வகை, வாடிக்கையாளர் தம் சொந்த வேலைக்காக ஸ்கேன் செய்யக் கொடுக்கும் சான்றிதழ்கள். இவற்றை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் வரி எதுவும் 2011 விதிகளில் இல்லை. ஆனால் நடைமுறையில் நடப்பது தலைகீழ். சட்டம் வைக்கச் சொன்ன பதிவேடு பல கடைகளில் பாதிப் பக்கத்தோடு நின்றுபோகிறது. சட்டம் கேட்காத மதிப்பெண் பட்டியல்கள் வருடக்கணக்கில் Desktop-ல் கிடக்கின்றன.

"திரும்ப வந்து கேட்பாங்க சார்" என்பது ஊழியர்கள் சொல்லும் காரணம். இதைத் தள்ளிவிட முடியாது. அலைந்து வந்தவருக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கும் செலவை மிச்சப்படுத்துவது நல்ல மனசுதான். ஆனால் அந்த உதவியை வாடிக்கையாளரின் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோ, அவர் மின்னஞ்சலுக்கு அனுப்பியோ செய்யலாம். நகல் அவரிடம் இருக்கும்; கடையில் இருக்காது. இரண்டு நாள் கழித்து வேலையைத் தொடர வேண்டியிருந்தால், அவர் வாய்ச்சொல்லை நம்பாமல் பதிவேட்டில் அவர் கையெழுத்தோடு அழிக்கும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி ஒரே ஒரு ஸ்கேனைப் பின்தொடர்ந்து போனால் எல்லாம் விளங்கிவிடும். ஒரு மாணவி டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்காகப் பட்டச் சான்றிதழ், புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றைக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள் கொண்ட படம் கிடைக்கும். சுருக்காமல் வைத்தால் 26 எம்பி வரும். ஜேபெக் ஆக்கினால் ஓரிரு எம்பி. ஆனால் விண்ணப்பத் தளம் புகைப்படத்தை 20 முதல் 50 கேபிக்குள்ளும் கையெழுத்தை 10 முதல் 20 கேபிக்குள்ளும் கேட்கிறது. ஊழியர் ஓரத்தை வெட்டி ஒரு கோப்பு சேமிப்பார். அளவைக் குறைத்து இன்னொன்று. தளம் ஏற்கவில்லை என்றால் மூன்றாவது. சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கியது தனி. ஒரு தாளுக்கு நாலைந்து கோப்புகள் சர்வசாதாரணமாகச் சேர்ந்துவிடும்.

அவை ஒரே இடத்திலும் இருக்காது. விண்டோஸின் ஸ்கேன் செயலி படத்தை Pictures-க்குள் உள்ள Scans ஃபோல்டரில் போடும். பழைய Windows Fax and Scan, Documents-க்குள் உள்ள Scanned Documents-ல் போடும். புகைப்படத்தை மாணவி தன் செல்போனிலிருந்து கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருந்தால், அது கடை போனில் ஒன்று, கணினியின் Downloads-ல் ஒன்று என்று இரண்டாகும். சுருக்குவதற்கு ஏதாவது இணையதளத்தில் ஏற்றியிருந்தால் அங்கேயும் ஒன்று போயிருக்கும். மாலையில் ஊழியர் Desktop-ல் இருக்கும் கடைசிக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு "டெலீட் பண்ணிட்டேன்" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. மற்றவை அவர் கண்ணில் படவே இல்லை.

எனவே சேமிப்பு விஷயத்தில் கடிதம் முதலில் சொல்ல வேண்டியது இடத்தைத்தான். ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு வேலை ஃபோல்டர். ஸ்கேனர் மென்பொருளின் அமைப்பில் சேமிக்கும் இடமாக அதையே கொடுத்துவிட வேண்டும். உலாவியின் பதிவிறக்க இடமும் அதுவே. கோப்பைச் சுருக்கும் வேலைக்கு இணையதளத்தை நாடாமல், இணைய இணைப்பே தேவைப்படாத மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். அந்த ஃபோல்டருக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு டோக்கன் எண்.

பெயருக்குப் பதிலாக டோக்கன் எதற்கு? இ-ஆதார் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல் எப்படி அமைகிறது என்று பார்த்தால் புரியும். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. ஃபோல்டருக்கு வாடிக்கையாளரின் பெயரை வைத்து, உள்ளே பிறந்த தேதி அச்சான மதிப்பெண் பட்டியலையும் இ-ஆதாரையும் சேர்த்து வைத்தால், பூட்டையும் சாவியையும் ஒன்றாக வைத்ததாகிவிடும். டோக்கன் எண்ணும் அதற்குரியவரின் செல்போன் எண்ணும் காகிதப் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு பிராந்திய அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இன்டர்நெட் கஃபே போன்ற பொதுக் கணினிகளில் இ-ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிர்க்க வேண்டும், செய்ய நேர்ந்தால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழித்துவிட வேண்டும் என்றது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருந்ததால் நாடு முழுவதும் பரபரப்பு எழுந்தது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் பொதுக் கணினி பற்றிய அறிவுரை சரியானதுதான். நெட் சென்டரை விட்டால் வேறு வழியில்லாத ஊரில், "நிரந்தரமாக அழித்தல்" என்பதைச் செய்யக்கூடியவர் கடை ஊழியர் மட்டுமே. வாடிக்கையாளர் எழுந்து போய்விடுகிறார்.

அழிப்பதற்கு முன் பேக்கப். கடலூர் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். தரைத்தளக் கடையில் தண்ணீர் புகுந்தால் கணினியும் போகும், அதன் பக்கத்திலேயே செருகி வைத்த பேக்கப் டிஸ்க்கும் போகும். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய மூன்று–இரண்டு–ஒன்று என்ற விதி இங்கே அப்படியே பொருந்தும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில்.

ஆனால் எதற்குப் பேக்கப்? பிரவுசிங் பதிவேடு, சட்டப்படி வைக்க வேண்டிய அடையாள நகல்கள், கடைக் கணக்கு ஆகிய மூன்றுக்கும்தான். ஓராண்டு வைத்திருக்கக் கடமைப்பட்ட பதிவு வெள்ளத்தில் போய்விட்டது என்று நாளை விசாரணைக்கு வரும் காவல்துறையிடம் சொல்லும் நிலை வரக் கூடாது. இவற்றை ஒரு கணினியில் தனி ஃபோல்டரில் வைத்து, வாரம் ஒருமுறை கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை உரிமையாளர் வீட்டுக்குக் கொண்டு போனால் போதும். ஓராண்டு தாண்டிய மாதங்களை அவற்றிலிருந்தும் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

வாடிக்கையாளரின் ஸ்கேன் பேக்கப்புக்குள் போகவே கூடாது. போனால், அழித்தல் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போய்விடும். இது பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விண்டோஸ் தானாகவே செய்துவிடுகிறது. File History இயக்கப்பட்டிருந்தால் Desktop, Documents, Pictures ஆகியவற்றை மணிக்கு ஒருமுறை நகலெடுக்கும். மாற்றாவிட்டால் அந்த நகல்களை எப்போதைக்கும் வைத்திருக்கும். OneDrive-ல் உள்நுழைந்து அதன் பேக்கப்பை இயக்கியிருந்தால் Desktop-ல் போட்ட மாணவியின் சான்றிதழ் அந்த நிமிடமே மேகக் கணக்குக்கு ஏறிவிடும். கணினியில் அழித்தாலும் அங்கேயுள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். கடை போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப்பும் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே வேலையைச் செய்கின்றன. வேலை ஃபோல்டரை D டிரைவில், இந்தத் தானியங்கிப் பேக்கப்புகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி அழிப்பு. Delete பொத்தானை அழுத்தினால் கோப்பு Recycle Bin-க்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். Shift-ஐச் சேர்த்து அழுத்தினால் போயே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க்கில் அப்போதும் போவது கோப்பின் முகவரி மட்டுமே. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. எழுதியிருந்த விவரம் அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். Recuva, PhotoRec போன்ற இலவச மென்பொருள்களே அதை மீட்டுவிடும். பென்டிரைவும் மெமரி கார்டும் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். வாரக்கணக்கில் அழித்த ஸ்கேன்கள் அவற்றில் வரிசையாகக் கிடைக்கக்கூடும்.

சுழல்தட்டு டிஸ்க்குக்கு விண்டோஸிலேயே மருந்து இருக்கிறது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடித்தால், D டிரைவின் காலி இடம் முழுவதையும் மூன்று சுற்று மேலெழுதும்:

```
cipher /w:D:\
```

இருக்கும் கோப்புகளை இது தொடாது. டிஸ்க் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். ஆகவே தினமும் அழிப்பது, வாரம் ஒருமுறை கடை மூடிய பிறகு மேலெழுத விட்டுப் போவது என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். வேலைக்கென்று சிறிய D பகுதியைப் பிரித்துக் கொடுத்தால் நேரமும் குறையும்.

எஸ்எஸ்டி பொருத்திய கணினியில் கதை வேறு. அங்கே மேலெழுதுவது எஸ்எஸ்டியின் ஆயுளைக் குறைக்குமே தவிர, பழைய விவரம் இருந்த அதே இடத்தில் எழுதும் என்ற உறுதி கிடையாது. அழித்த இடங்களைக் காலிசெய்யும்படி எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் என்ற வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

விடை 0 என்று வந்தால் டிரிம் இயங்குகிறது. 1 வந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது. பென்டிரைவுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது என்பதால் கடைக்குச் சொந்தமான பென்டிரைவில் வாடிக்கையாளர் கோப்பை ஏற்றவே கூடாது என்று கடிதம் கறாராகச் சொல்லிவிடலாம்.

ஒழுங்காக அழிகிறதா என்று எப்படி அறிவது? யாருடைய ஆவணத்தையும் வைத்துச் சோதிக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் அன்றைய தேதியைப் பெரிதாக எழுதி ஸ்கேன் செய்து, வழக்கமான வேலையைப் போலவே வெட்டி, சுருக்கி, பிடிஎஃப் ஆக்கி, இரவு வழக்கம்போல் அழிக்க வேண்டும். மறுநாள் காலை கோப்பு உலாவியின் தேடல் பெட்டியில் C டிரைவுக்கும் D டிரைவுக்கும் `*.jpg datemodified:yesterday` என்று தேடினால், எந்த மூலையில் நகல் மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். பிடிஎஃப்புக்கும் அதே தேடல். வாராந்திர மேலெழுதல் முடிந்த பின் Recuva-வை ஓட்டிப் பார்த்தால் அந்தத் தாள் படமாகத் திறக்கக் கூடாது. திறந்தால் எந்தப் படியில் தவறு என்று பின்னோக்கித் தேடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளுக்கு எளிய வழி உண்டு. புதிய உரையாடல்கள் 24 மணி நேரத்தில் மறையும்படி அமைத்துவிட்டு, படங்கள் தானாகப் போனில் இறங்குவதையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் செய்தி மறைந்தாலும் படம் போனில் தங்கிவிடும். ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடை எண்ணின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து, அவருடைய சொந்தக் கணினி அதில் இருந்தால் நீக்க வேண்டும். அவரைச் சந்தேகிப்பதாக இதற்குப் பொருளில்லை. நாளை ஏதாவது நடந்தால் அவர் பெயர் வராமல் இருக்க இதுவே அவருக்கும் பாதுகாப்பு.

ஜெராக்ஸ் மெஷினை யாரும் நினைப்பதில்லை. மேசை மேல் வைக்கும் சிறிய இங்க் டேங்க் பிரிண்டரில் பொதுவாக ஹார்டு டிஸ்க் இருக்காது. அலுவலகங்களில் ஓடிப் பழையதாகி மறுவிற்பனைக்கு வரும் பெரிய மெஷின்களில் இருக்கும்; நகலெடுத்த, ஸ்கேன் செய்த பக்கங்கள் அதில் பதிவாகித் தங்கலாம். அமெரிக்காவில் 2010-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிருபர்கள் பழைய மெஷின்கள் சிலவற்றை வாங்கி டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற நியூயார்க் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தது. நோயாளிகளின் விவரம் அப்படியே இருந்தது. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே கணக்குக் கொடுத்தது. 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி அரசுடன் சமரசம் செய்துகொண்டது. கணினியை அழிக்கத் தெரிந்தவர்கள் மெஷினை மறந்ததன் விலை அது. அண்ணாமலை நகரில் ஒரு கடை தன் பழைய மெஷினைக் கொடுத்துப் புதிது வாங்கும்போது, சர்வீஸ் ஆளிடம் "இதில் டிஸ்க் இருக்கிறதா, கழற்றிக் கொடுங்கள்" என்று கேட்பதற்குச் செலவு அதிகமில்லை.

சட்டம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் கடிதத்தில் சேர்க்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. போதிய பாதுகாப்பு இல்லாததற்கான அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அது பெருநிறுவனங்களை மனத்தில் வைத்துப் போட்ட எண். சில நோக்கங்களுக்காகத் தனிநபர் தரவையும் செயலாக்கப் பதிவுகளையும் ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பகுதியும் இந்த விதிகளில் உண்டு என்றாலும், யாருக்கு என்ன வேலை எந்த நாளில் செய்தோம் என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஆவணத்தை விடுவது என்ற பழக்கம் இப்போதே வந்துவிடுவது நல்லது. அவகாசம் முடியும்போது கடை உரிமையாளர் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக் கடிதத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் ஊழியர் கையில் கொடுக்கும்போது கடிதம் பேச்சுவழக்கில் இருந்தால்தான் படிப்பார்கள். அதன் மையப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"தம்பி, தங்கச்சிகளுக்கு. பிரவுசிங்குக்கு உட்காருபவரின் அடையாள நகலும் பதிவேடும் ஓராண்டு இருக்கணும். அதை அழிக்கிறது நான் மட்டும்தான். வாடிக்கையாளர் ஸ்கேன் பண்ணக் கொடுப்பது எதுவும் நமக்குச் சொந்தமில்லை. டோக்கன் போட்டு D டிரைவில் மட்டும் சேமியுங்க. வேலை முடிந்ததும் அவர் பென்டிரைவிலோ மெயிலிலோ கொடுத்துட்டு, அவர் எதிரிலேயே ஃபோல்டரை Shift Delete பண்ணுங்க. பதிவேட்டில் டோக்கன் பக்கத்தில் டிக் போட்டு நேரம் எழுதுங்க. ராத்திரி கடை மூடும்போது D டிரைவ் காலியா இருக்கணும். டிக் இல்லாத டோக்கன் இருந்தால் காரணம் எழுதியிருக்கணும். சந்தேகம் வந்தா அழிக்காம என்னைக் கேளுங்க. தப்பா நடந்துட்டா மறைக்காம அன்னைக்கே சொல்லுங்க, திட்டமாட்டேன்."

கடைசி வாக்கியம் மரியாதைக்காக எழுதுவதல்ல. ஆவணம் கசிந்தால் நேரம்தான் முக்கியம். சட்டத்தின் பார்வையில் நெட் சென்டரும் இடைநிலைச் சேவையாளர்தான். கணினி ஊடுருவல் போன்ற சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சிஇஆர்டி-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. கடைக் கணினியில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று திங்கள் காலை தெரிந்து, ஊழியர் பயந்து வெள்ளிவரை மூடி வைத்தால் அந்த அவகாசம் போய்விடும்.

யாருக்குச் சொல்வது என்பதற்கு டிக் போட்ட பதிவேடே விடை தருகிறது. முந்தைய நாள்வரை எல்லா டோக்கனும் அழிக்கப்பட்டு, அன்று காலை வந்த மூவருடைய கோப்புகள் மட்டும் D டிரைவில் இருந்திருந்தால், போன் செய்ய வேண்டியது அந்த மூவருக்குத்தான். தங்கள் பெயரில் தெரியாத சிம் எதுவும் இயங்குகிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கவும், பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்கவும் அவர்களிடம் சொல்லலாம். ஐந்து வருட ஸ்கேன்களும் அங்கேயே கிடந்திருந்தால், படித்து முடித்து ஊர் ஊராகப் போய்விட்ட மாணவர்களில் யார் யாரைத் தேடிப் பிடிப்பது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது.